குற்றவாளி மிளகாய்தானா?

சென்ற தை மாதம் மாதுங்காவில் ஒரு கல்யாண விருந்து. என் பந்தியில் பன்னிரண்டு பேர் இருந்தோம். வத்தக்குழம்பு வாளி வந்தபோது ஐந்து பேர் இலைக்கு மேல் கையை நீட்டி மறித்துவிட்டார்கள். "எனக்கு அல்சர், வேண்டாம்" என்றார் பக்கத்து இலைக்காரர். மற்ற நால்வரும் அதையே சொன்னார்கள். சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது ஐவரையும் தனித்தனியே விசாரித்தேன். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி செய்துகொண்டவர் ஒரே ஒருவர். அவரும், "பார்த்தாங்க சார், புண் ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. இருந்தாலும் காரம் சாப்பிடறதில்லை" என்றார்.

நான் டாக்டர் அல்ல. இந்த ஊரில் ஒரு ரயில்வே மருத்துவமனையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். செம்பூரில் குடியிருப்பு. எங்கள் மருந்து ஜன்னலுக்கு வந்த சீட்டுகளில் மூன்றில் ஒன்று வயிற்றுக்காரர்களுடையது என்று சொன்னால் மிகையாகாது. அதனால் இந்த விஷயத்தை விடாமல் படித்து வந்திருக்கிறேன். பந்தியில் வத்தக்குழம்பை மறித்த கைகளைப் பார்த்ததும், படித்ததை நம் பத்திரிகையில் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் ஒரு சிக்கலைப் பிரித்துவிட வேண்டும். நம்மவர்கள் 'கேஸ்', 'அசிடிட்டி', 'அல்சர்' என்ற மூன்று சொற்களையும் ஒரே மூட்டையில் கட்டி வைத்திருக்கிறார்கள். உண்மையில் உள்ளே இருப்பவை இரண்டு தனி நோய்கள். இரைப்பையின் சுவரிலோ, அதை அடுத்துள்ள முன்சிறுகுடலின் சுவரிலோ குழிபோல் அரித்துப் போவது புண். இரைப்பையில் இருக்க வேண்டிய அமிலம் மேலே உணவுக்குழாய்க்கு ஏறி நெஞ்சை எரிப்பது எதுக்களிப்பு. மிளகாய், தேநீர், பட்டினி ஆகிய மூன்றின் மீதும் இந்த இரண்டு வழக்குகளையும் போட்டு வைத்திருக்கிறோம். ஒரு வழக்கில் அவை கிட்டத்தட்ட நிரபராதிகள். மற்றதில் அப்படிச் சொல்லிவிட முடியாது.

புண்ணை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் நம் ஊர்க்காரர்களின் கதையே இருக்கிறது. டாக்டர் எஸ்.எல். மல்ஹோத்ரா என்று ஒரு ரயில்வே மருத்துவர் இருந்தார். மும்பையில் மேற்கு ரயில்வேயின் தலைமை மருத்துவ அதிகாரியாகப் பணியாற்றியவர். 1960களில் அவர் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்: பஞ்சாபில் உள்ள ரயில்வே ஊழியரைவிடத் தென்னாட்டு ரயில்வே ஊழியருக்குக் குடற்புண் ஏன் இவ்வளவு அதிகமாக வருகிறது? ரயில்வே இதற்கு மிக வசதியான இடம். வேலை ஒன்று, சம்பள விகிதம் ஒன்று, மருத்துவப் பதிவேடும் ஒன்று. ஊரும் சாப்பாடும்தான் வேறு.

பஞ்சாபிகளும் காரமும் மசாலாவும் சாப்பிடுகிறவர்கள்தான். அவர் கவனித்தது வேறொன்றை. வடக்கே ரொட்டியை மென்று மென்று விழுங்குகிறார்கள். தெற்கே குழைந்த சோற்றில் சாம்பாரையும் ரசத்தையும் ஊற்றிப் பிசைந்து, மெல்லாமலே உள்ளே இறக்குகிறார்கள். மெல்லாவிட்டால் உமிழ்நீர் குறைவு, அமிலத்தைத் தணிக்க ஆளில்லை என்பது அவர் வாதம். புண் ஆறியவர்களில் ஒரு பகுதியினரை அரிசிச் சாப்பாட்டிலும், மற்றொரு பகுதியினரைத் தவிடு நீக்காத கோதுமைச் சாப்பாட்டிலும் வைத்து ஐந்து ஆண்டுகள் பார்த்தார். 1978இல் வெளியிட்ட கணக்கின்படி, அரிசிக்காரர்களில் நூற்றுக்கு 81 பேருக்குப் புண் திரும்பி வந்தது. கோதுமைக்காரர்களில் 14 பேருக்குத்தான் வந்தது. சிறிய குழு, ஒரே ஒருவர் செய்த ஆய்வு. அதை வைத்து இன்று யாரும் சோற்றை நிறுத்தச் சொல்வதில்லை. ஆனால் மிளகாயைத் தாண்டி யோசிக்க வேண்டும் என்று இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அவ்வளவு காலத்துக்கு முன்பே ஒருவர் சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

அவரிடம் இல்லாத துப்பு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் நோயாளிகளின் இரைப்பைச் சதையில் சுருள் வடிவக் கிருமிகளைத் தொடர்ந்து பார்த்து வந்தார். அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. பாரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவரோடு சேர்ந்து அந்தக் கிருமியை வளர்க்கப் பார்த்தார். ஒன்றும் முளைக்கவில்லை. வழக்கப்படி இரண்டு நாளில் தட்டுகளைக் கழுவிக் கொட்டிவிடுவார்கள். 1982 ஈஸ்டர் விடுமுறையில் மட்டும் தட்டுகள் கூடுதலாகச் சில நாள் கிடந்துவிட்டன. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது! மெதுவாக வளரும் ஜாதி அது. யாரும் நம்பாததால் 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தாமே குடித்தார். சில நாளில் குமட்டலும் வாந்தியும் வந்தன. பத்தாம் நாள் பார்த்தபோது அதுவரை நன்றாக இருந்த அவருடைய இரைப்பை அழன்று போயிருந்தது. அழற்சிதான், புண் இல்லை. ஆனால் கிருமிதான் தொடங்கி வைக்கிறது என்பதற்கு அது போதும். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கிருமியின் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி.

நம் நாட்டில் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் வயிற்றில் இது இருக்கிறது. பெரும்பாலும் சிறு வயதிலேயே, வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வந்துவிடுகிறது. ஒரே அறையில் எட்டுப் பேர் இருக்கும் இடத்தில் வருவது இன்னும் சுலபம். வந்தவர்கள் எல்லாருக்கும் புண் வருவதில்லை, சிறு பகுதியினருக்குத்தான் வருகிறது. வடக்கிலும் இந்தக் கிருமி ஏராளம் என்பதால், மல்ஹோத்ரா கேட்ட வடக்கு-தெற்குக் கேள்விக்கு இது முழுப் பதில் ஆகாது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் மிளகாய்? டெல்லியில் மருத்துவர்கள் 1984இல் ஒரு நேரடிச் சோதனை செய்து பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். குடற்புண் உள்ள 50 பேர். பாதிப் பேருக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு மட்டும். மீதிப் பாதிக்கு அதே சாப்பாட்டோடு தினம் மூன்று கிராம் மிளகாய்த்தூள். எல்லாருக்கும் அமிலத்தைத் தணிக்கும் மருந்து உண்டு. நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவில் புண் ஆறியிருந்தது. சிங்கப்பூரில் 1995இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஆரோக்கியமான 18 பேருக்கு இருபது கிராம் மிளகாய்த்தூளைத் தண்ணீரில் கொடுத்து, அரை மணி கழித்து ஆஸ்பிரின் கொடுத்தார்கள். இன்னொரு நாள் மிளகாய் இல்லாமல் ஆஸ்பிரின் மட்டும். மிளகாய் சாப்பிட்ட நாளில்தான் வயிற்றில் காயம் குறைவு. இதைப் படித்துவிட்டு யாரும் மிளகாய்த்தூளைக் கரைத்துக் குடிக்கக் கிளம்ப வேண்டாம். புண்ணை உண்டாக்குவது மிளகாய் அல்ல என்பதற்கு மட்டும் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆஸ்பிரின்தான் இரண்டாவது குற்றவாளியின் குலம். இங்கே தாராவித் தம்பியின் கதையைச் சொல்ல வேண்டும்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. வயது நாற்பத்து நாலு. எனக்குத் தூரத்து உறவு, 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவார். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்பூர் வந்தவர் எங்கள் வீட்டுத் தோசைக்கு மிளகாய்ப்பொடியைத் தொடவில்லை.

"ரெண்டு வருசமாக் காரமே கிடையாது அண்ணாச்சி. தயிர்ச் சோறும் பாலும்தான். ஆனாலும் ராத்திரி ஒரு மணி, ரெண்டு மணிக்கு எழுப்பி விட்டுருது. ஒரு பிஸ்கட் தின்னா அடங்குது."

நடு இரவில் எழுப்பும் வலி, ஏதாவது தின்றால் அடங்கும் வலி என்பது முன்சிறுகுடல் புண்ணின் பழைய அடையாளம். நள்ளிரவை ஒட்டித்தான் அமிலச் சுரப்பு அதிகம். வெறும் வயிற்றில் அது நேரே புண்ணில் படுகிறது. பசிக்கும்போது வலிப்பதால் பசிதான் புண்ணை உண்டாக்கியது என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். வலி எப்போது வருகிறது என்பதும், புண் எதனால் வந்தது என்பதும் வேறு வேறு. பால் விஷயமும் அப்படித்தான். குடித்ததும் இதமாக இருக்கும். ஆனால் பாலில் உள்ள புரதமும் கால்சியமும் சற்று நேரத்தில் அமிலத்தை மேலும் சுரக்க வைக்கும். டாக்டர்களே ஒரு காலத்தில் புண்காரர்களுக்கு மணிக்கு ஒரு தம்ளர் பால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பழக்கம் போய்விட்டது.

"வேற என்ன மாத்திரை சாப்பிடுதே?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி."

அவர் வீட்டம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்: "இடுப்பு வலிக்கு தினம் ரெண்டு போடுதாகளே, அதைச் சொல்லுங்க."

நாள் முழுக்கக் குனிந்து தைப்பதால் இடுப்பு வலி. மெடிக்கலில் சீட்டு இல்லாமலே கொடுத்த டைக்ளோபினாக். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு கட்டிங் சாயோடு. அவருக்கு அது மருந்தே இல்லை, 'வலி மாத்திரை'. டைக்ளோபினாக், ஐபுபுரோபென், ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் இரைப்பைச் சுவரைக் காக்கும் சளிப்படலம் உருவாவதைத் தடுக்கின்றன. இந்த வேலையைப் பெரும்பாலும் இரத்தத்தின் வழியாகவே செய்கின்றன. அதனால் சாப்பாட்டுக்குப் பின் போட்டால் எரிச்சல் குறையுமே தவிர, புண்ணிலிருந்து முழுப் பாதுகாப்புக் கிடையாது. ஊசியாகப் போட்டாலும் இதே கதைதான். கிருமியும் இந்த மாத்திரையும் ஒரே வயிற்றில் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. (இதய நோய்க்காக டாக்டர் சொல்லிச் சிறு அளவு ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. அவர்களுக்கு அதோடு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்கலாம்.)

மறுநாளே டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். போகவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பட்டறையின் ஏணிப்படியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். மூன்று நாளாக மலம் கறுப்பாகப் போயிருக்கிறது; யாரிடமும் சொல்லவில்லை. தார்போலக் கறுத்து, பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, வழக்கத்தில் இல்லாத நாற்றத்தோடு போனால் உள்ளே இரத்தம் கசிகிறது என்று பொருள். அது செரித்துப்போன இரத்தம், அதனால்தான் சிவப்பாகத் தெரிவதில்லை. அன்றே மாநகராட்சி மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். எண்டோஸ்கோப்பியில் முன்சிறுகுடலில் புண் தெரிந்தது. அப்போதே இரைப்பைச் சதையில் கடுகளவு கிள்ளி, மஞ்சள் நிற யூரியா ஊடகத்தில் போட்டார்கள். கிருமி இருந்தால் அது யூரியாவைச் சிதைத்து அமோனியா உண்டாக்கும், நிறம் மாறும். ஒரு மணி நேரத்துக்குள் அது ரோஜா நிறமாகிவிட்டது.

டைக்ளோபினாக்கை நிறுத்தினார்கள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு இரண்டு ஆன்டிபயாடிக்குகள், பதினான்கு நாளைக்கு. ஆறாம் நாள் வலி சுத்தமாகப் போய்விட்டது. வாயெல்லாம் கசப்பு, வேலைக்கும் போக வேண்டும். தம்பி மாத்திரையை நிறுத்திவிட்டார்! வலி போனது அமிலம் குறைந்ததால்தான், கிருமி செத்ததால் அல்ல. பாதியில் விட்டால் பிழைத்த கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். நம் நாட்டில் இந்தக் கிருமி ஏற்கெனவே மெட்ரோனிடசோல், கிளாரித்ரோமைசின் போன்ற மருந்துகளை நிறையவே எதிர்த்து நிற்கிறது. பிறகு சோதித்தபோது கிருமி அப்படியே இருந்தது. இரண்டாம் முறை வேறு மருந்துகள் கொடுத்தார்கள். அதில் பிஸ்மத் என்ற உலோக உப்பும் உண்டு. நான்காம் நாள் அதிகாலையில் போன்.

"அண்ணாச்சி, மறுபடியும் கறுப்பாப் போகுது!"

பிஸ்மத் மலத்தைக் கறுப்பாக்கும், இரும்புச் சத்து மாத்திரையும் ஆக்கும். "தார் மாதிரி ஒட்டுதா? நாத்தம் இருக்கா? தலை சுத்துதா?" என்று கேட்டேன். மூன்றும் இல்லை. இருந்தாலும் அன்று டாக்டரிடம் காட்டிவிட்டு வரச் சொன்னேன். மருந்தின் நிறம்தான். இந்த முறை பதினான்கு நாளையும் முடித்தார்.

முடித்தபின் இன்னொரு வேலை இருக்கிறது. இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். கிருமி ஒழிந்ததா என்று மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்துப் பார்க்க வேண்டும். மூச்சுச் சோதனை அல்லது மலத்தில் கிருமியைத் தேடும் சோதனை போதும், மறுபடி குழாய் விடத் தேவையில்லை. சோதனைக்கு முந்திய இரண்டு வாரம் ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் வகை மாத்திரை சாப்பிட்டிருக்கக் கூடாது. சாப்பிட்டிருந்தால் கிருமி பதுங்கிக்கொள்ளும், 'இல்லை' என்று பொய் முடிவு வரும். இரத்தத்தில் பார்க்கும் சோதனை இதற்கு உதவாது. கிருமி போன பிறகும் அதன் எதிர்ப்புப் பொருள் இரத்தத்தில் நீண்ட காலம் தங்கும். தம்பிக்குச் சோதனை முடிவு நல்லபடியாக வந்தது. அன்று மத்தியானம் அவர் வீட்டில் எனக்கும் சேர்த்து மீன் குழம்பு. காரத்தில் குறையே வைக்கவில்லை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இருபது ஆண்டுக் கணக்கை ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். 1988இல் அங்கே எண்டோஸ்கோப்பி செய்தவர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு முன்சிறுகுடல் புண் இருந்தது. 2008இல் அது மூன்றுக்கும் சற்றுக் கீழே வந்துவிட்டது. இந்த இருபது ஆண்டில் வேலூர்க்காரர்கள் மிளகாயை விட்டதாகவோ டீக்கடைகள் குறைந்ததாகவோ நான் கேள்விப்படவில்லை.

இனி அடுத்த வழக்கு. புண் ஆறி ஆறு மாதம் கழித்துத் தம்பி மறுபடி வந்தார். "திரும்பி வந்துட்டுது போல அண்ணாச்சி. நெஞ்சு எரியுது, வாயில புளிப்புத் தண்ணி ஏறுது." இது இரவு ஒரு மணிக்கு எழுப்பிய பழைய வலி இல்லை. படுத்ததும் வருகிறது, எழுந்து உட்கார்ந்தால் குறைகிறது. இதுதான் எதுக்களிப்பு.

உணவுக்குழாயின் அடியில் சுருக்குப்பை வாய்போல ஒரு தசை வளையம் உண்டு. வயிறு நிறைந்து பிதுங்கும்போதும், தொந்தி அழுத்தும்போதும் அது அடிக்கடி தளர்ந்து திறந்துகொள்ளும். உட்கார்ந்திருந்தால் உள்ளே இருப்பது கீழேயே கிடக்கும். படுத்தால் தலைமாட்டுப் பக்கம் ஓடி வரும், அவ்வளவுதான் சூட்சுமம். மிளகாய்க்கு இங்கே ஒரு பங்கு உண்டு. அதன் காரச் சத்து சூட்டை உணரும் அதே நரம்பு முனைகளைத் தூண்டுவதால், ஏற்கெனவே அமிலம் பட்டு நொந்த உணவுக்குழாயில் எரிச்சல் இரட்டிப்பாகத் தெரியும். எல்லாருக்கும் இல்லை. யாருக்கு எது எரிக்கிறதோ அதை அவர் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் மும்பையில் நம்மவர்களின் பெரிய எதிரி காரம் இல்லை, கடிகாரம் என்பது என் அபிப்பிராயம். தம்பி பட்டறை முடிந்து வீடு சேர இரவு பத்தரை. காலையில் ஒரு வடாபாவ், மத்தியானம் கிடைத்தது, பிறகு கட்டிங் மேல் கட்டிங். நாள் பூராவுக்கும் சேர்த்துப் பதினொரு மணிக்கு ஒரே மூச்சில் சாப்பாடு. பத்துக்குப் பன்னிரண்டு கோலியில் சாப்பிட்ட இடத்தைத் துடைத்தால்தான் பாய் விரிக்க முடியும், ஆகவே உடனே படுக்கை. ஜப்பானில் 2005இல் வெளியான ஓர் ஆய்வில், சாப்பிட்டு மூன்று மணி நேரத்துக்குள் படுப்பவர்களுக்கு, நான்கு மணி நேரமாவது பொறுப்பவர்களைவிட எதுக்களிப்பு நோய்க்கான வாய்ப்பு ஏழு மடங்கு என்று கண்டார்கள். பதினொரு மணிக்குச் சாப்பிடுகிறவனை இரண்டு மணிவரை விழித்திரு என்று சொல்வது அநியாயம். அதனால் நாங்கள் வேறு ஏற்பாடு செய்தோம். மாலை ஏழு மணிக்குப் பட்டறையிலேயே வீட்டு டப்பாவில் பாதிச் சாப்பாடு, இரவு வந்து இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் கஞ்சியோ மட்டும். கட்டில் இருப்பவர்கள் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் கீழே அரை அடிக்குச் செங்கல் வைக்கலாம். தரையில் படுக்கும் தம்பிக்கு அது முடியாது. பழைய மெத்தைப் பஞ்சில் முதுகிலிருந்தே சரிவாக உயரும் ஒரு திண்டு தைத்துக்கொண்டார், தையல்காரர்தானே! தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும், வயிறு இன்னும் அழுந்தும். இடது பக்கம் சாய்ந்து படுப்பதும் உதவும், ஏனென்றால் அப்போது இரைப்பையின் பை உணவுக்குழாய்க்குக் கீழே தொங்குகிறது. உடல் கனமானவர்களுக்கு எடையைக் குறைப்பதற்கு ஈடான மருந்து இல்லை.

தேநீருக்கு வருகிறேன். டெல்லியில் 1984இல் சோதித்தபோது, கடுமையான தேநீர் ஒரு கோப்பை, அமிலத்தைத் தூண்டக் கொடுக்கும் ஹிஸ்டமின் மருந்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக அமிலத்தைச் சுரக்க வைத்தது. ஆகவே வெறும் வயிற்றில் கொதிக்கக் கொதிக்கக் கறுத்த டீ எரிக்கிறது என்று சொல்பவர் கற்பனை செய்யவில்லை. ஆனால் டீ குடித்துப் புண் வந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. எதுக்களிப்பைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான செவிலியரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு காபி, டீ, சோடா மூன்றையுமே ஓரளவு சம்பந்தப்படுத்துகிறது. இரண்டு கோப்பைக்குப் பதில் தண்ணீர் குடித்தவர்களுக்குத் தொல்லை குறைந்தது. எட்டுக் கட்டிங் குடிப்பவர் நான்காக்கி, அதையும் எதையாவது தின்ற பிறகு குடித்தால் போதும் என்பதுதான் நான் சொல்வது. தம்பிக்கு அதுவே பட்டினி கிடப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

பட்டினி என்றதும் விரதம் நினைவுக்கு வருகிறது. செம்பூர் செடா நகர் முருகன் கோவிலுக்குப் போகும் எங்கள் கட்டடத்துப் பெண்கள் கந்த சஷ்டி ஆறு நாளும் விரதம் இருக்கிறார்கள். தாராவியில் நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் ரம்ஜான் மாதம் முழுதும் நோன்பு பிடிக்கிறார்கள். புண் இல்லாத வயிற்றில் வெறும் பட்டினி புண்ணை உண்டாக்குவதாகத் தெரியவில்லை. ரம்ஜானில் புண் வெடிப்பது கூடுகிறதா என்று பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். சில இடங்களில் கூடியது, சில இடங்களில் வேறுபாடே இல்லை. ஆறாத புண் இருப்பவர், அண்மையில் இரத்தம் கசிந்தவர் ஆகியோர் அந்த ஆண்டு விரதத்தைத் தள்ளி வைக்க வேண்டும். அதில் டாக்டர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

தொல்லை பெரும்பாலும் விரதத்தில் இல்லை, விரதம் முடிக்கும் விதத்தில் இருக்கிறது. ஆறு நாள் பாலும் பழமுமாக இருந்துவிட்டு ஏழாம் நாள் வடை பாயசத்தோடு மூக்கு முட்டச் சாப்பிட்டுப் படுத்தால் நெஞ்சு எரியாமல் என்ன செய்யும்? நோன்பு திறக்கும்போது முதலில் நோன்புக் கஞ்சி குடிக்கும் நம் வழக்கம் நல்லது. அதற்குப் பின்னால் வரும் எண்ணெய்ப் பலகாரங்களும், அதிகாலைச் சஹர் சாப்பாட்டை முடித்த கையோடு போர்த்திக்கொண்டு படுப்பதும்தான் எதுக்களிப்பை அழைத்து வருகின்றன. அமில மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சஹருக்கு அரை மணி முன்னால் போட்டுக்கொள்ளலாம். அந்த மாத்திரை உணவுக்கு முன் போட்டால்தான் சரியாக வேலை செய்யும்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். 'கேஸ்' என்று ஈனோவைக் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்த ஒருவரை மறுநாள் காலை எழுப்ப முடியாமல் போனதை எங்கள் கட்டடத்திலேயே பார்த்தேன். அது மாரடைப்பு. நாற்பதைத் தாண்டியவருக்கு, சர்க்கரை நோயாளிக்கு, பீடி சிகரெட் பிடிப்பவருக்கு நெஞ்சில் புதிதாக அழுத்தம் வந்து, வேர்த்துக் கொட்டி, கையிலோ தாடையிலோ பரவினால், மாடி ஏறும்போது வந்து நின்றால் அடங்கினால், முதலில் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். அமிலக் கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அதேபோல் சாப்பாடு விழுங்கும்போது அடைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, இரத்த வாந்தி, கறுப்பு மலம், திடீரென்று வயிறு பலகைபோல் இறுகிப்போவது ஆகிய எதற்கும் மெடிக்கல் கடை வாசலில் வைத்தியம் கிடையாது.

போன மாதம் தம்பியின் பட்டறைப் பக்கம் போயிருந்தேன். மாலை ஏழு மணிக்கு டப்பாவைத் திறந்தார். சோறு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, ஓரத்தில் இரண்டு மோர் மிளகாய். இடுப்புக்கு இப்போது ஒரு பெல்ட் கட்டியிருக்கிறார், ரொம்ப வலித்தால் பாரசிட்டமால். பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்த விடலைப் பையன் தோள் வலிக்கிறது என்று சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரைப் பட்டையை எடுத்தான். தம்பி சோற்றுக் கையோடு எட்டி அதைப் பிடுங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தார்.